முடியாத விளையாட்டும் முன்கூட்டிய பணமும்

கேள்வி: ஆவடியில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், ஸ்டீம் தளத்தில் ‘எர்லி ஆக்சஸ்’ என்ற குறிப்புடன் விற்கப்படும் கட்டுமான விளையாட்டு ஒன்றை இப்போதே வாங்கலாமா, முழுமையடையும் வரை பொறுத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அவரிடம் உள்ளது 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு கொண்ட பழைய கணினி. மேலும், இனிமேல்தான் வெளிவரவிருக்கும் வேறொரு விளையாட்டைத் தம் அண்ணனின் பிளேஸ்டேஷனுக்காக முன்பதிவு செய்வது சரியா என்பதும், பூந்தமல்லிக் கடையொன்றில் டிஸ்க்குக்கு முன்பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்பதும் அவருடைய மற்றக் கேள்விகள்.

பதில்: எர்லி ஆக்சஸ் என்பது, விளையாட்டை உருவாக்குவோர் அதை முடிப்பதற்கு முன்பே விலைக்குத் தந்து, வாங்கியோரின் கருத்தையும் பணத்தையும் கொண்டு மீதியை உருவாக்கும் முறையாகும். 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்டீம் இதைத் தனிப்பிரிவாகத் தொடங்கியது. அப்பிரிவில் உள்ள ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும், இன்றுள்ள நிலையில் அதை விளையாட விருப்பமில்லையெனில் காத்திருந்து பார்க்கும்படி தளமே எச்சரிக்கிறது. பெரும்பாலானோர் படிக்காமல் கடந்துபோகும் அந்த வரிதான் இதில் அடிப்படை விதி.

இவ்விதியின் பொருளை ஒரே பெயர் தாங்கிய இரண்டு விளையாட்டுகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்பது வீரர் தாமே ராக்கெட் கட்டி விண்ணில் செலுத்தும் விளையாட்டு. மெக்ஸிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனம் 2011-இல் முற்றுப்பெறாத வடிவிலேயே அதை வெளியிட்டு, இடைவிடாமல் புதுப்பிப்புகளைத் தந்து, 2015 ஏப்ரலில் 1.0 என்ற முழுப்பதிப்பை எட்டியது. தொடக்கத்தில் அதில் இருந்தவை குறைவு எனினும், இருந்தவற்றைக் கொண்டு ராக்கெட் ஒன்றைக் கட்டி ஏவ முடிந்தது. வாங்கியவர்களுக்கு அன்றைக்கே ஒரு விளையாட்டு கிடைத்தது.

இரண்டாம் பாகத்தின் கதை வேறு. 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2020-இல் வெளியாகும் எனச் சொல்லப்பட்ட அது, இடையில் உருவாக்கும் நிறுவனமே மாறி, பலமுறை தள்ளிப்போய், இறுதியில் 2023 பிப்ரவரி 24 அன்று எர்லி ஆக்சஸாக, ஏறத்தாழ 50 டாலர் விலையில் வந்தது. அறிவியல் ஆய்வு, குடியேற்றங்கள், விண்மீன்களுக்கிடையிலான பயணம், பலர் சேர்ந்து ஆடும் வசதி ஆகியவற்றை வரிசையாகத் தருவதாக ‘ரோட்மேப்’ எனப்படும் எதிர்காலத் திட்டப்படம் கூறியது. அவற்றுள் முதலாவதான அறிவியல் பகுதி மட்டும் அவ்வாண்டு டிசம்பரில் வந்தது. 2024-இல் தாய் நிறுவனமான டேக்-டூ, இண்டர்செப்ட் கேம்ஸ் என்ற உருவாக்கக் குழுவில் பெரும் ஆட்குறைப்பை மேற்கொண்டது. அவ்வாண்டு ஜூனுக்குப் பின் புதுப்பிப்புகள் நின்றுபோயின, விற்பனை மட்டும் நிற்கவில்லை. திட்டப்படத்தை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் கண்ணெதிரே இருந்த சரக்குக்கு விலை கொடுக்கவில்லை, வரப்போவதாகச் சொல்லப்பட்ட சரக்குக்கு விலை கொடுத்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

தோல்வியின் அறிகுறிகள் முதல் நாளிலேயே இருந்தன என்பதுதான் இங்குக் கவனிக்கத்தக்கது. முதல் பாகத்தில் இருந்த பல வசதிகள் இரண்டாவதில் இல்லை. ஆனால் விலை முழு விளையாட்டுக்குரியதாக இருந்தது. குறைந்தபட்சத் தேவையாகவே ஆர்டிஎக்ஸ் 2060 கார்டும், பரிந்துரையாக ஆர்டிஎக்ஸ் 3080 கார்டும் குறிக்கப்பட்டிருந்தன. ஆவடி மாணவரின் கணினியைப் போன்றவற்றுக்கு இது எட்டாத உயரம். வேகத்தைச் சீர்செய்யும் பணி பொதுவாக உருவாக்கத்தின் பிற்பகுதியிலேயே நிகழ்வதால், முற்றுப்பெறாத விளையாட்டு பழைய கார்டில் திணறுவதும், முழுப்பதிப்பு வரும்போது அதே கார்டில் ஓரளவு நன்றாக ஓடுவதும் உண்டு. ஆகவே கார்டின் திறன் எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பதில் கூடுதல் ஆதாயம் இருக்கிறது; இந்த ஒரு விளையாட்டுக்காக ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிய கார்டு வாங்குவது தேவையற்ற செலவு.

காத்திருந்தால் விலை ஏறிவிடுமோ என்ற அச்சம் இயல்பானதே. ஹேடிஸ் என்ற விளையாட்டு எர்லி ஆக்சஸில் ஏறத்தாழ 20 டாலருக்கு விற்று, 2020 செப்டம்பரில் முழுமையானபோது 25 டாலரானது. ஏற்றம் 5 டாலர்தான். பின்னர் வரும் தள்ளுபடிக் காலங்களில் அதுவும் ஈடாகிவிடும். ஐந்தை மிச்சம் பிடிக்கப் போய் இருபதையும் இழக்கும் கணக்கு இது என்பதால், விலை ஏற்றத்தை மட்டுமே காரணமாக்கி அவசரப்படுவதற்கு இடமில்லை. விலை ஏறுமா, எவ்வளவு காலம் எடுக்கும், இன்றைய நிலை என்ன என்ற வினாக்களுக்கு உருவாக்கியோரே அளித்த விடைகள் அதே பக்கத்தில் உள்ளன. அவற்றைப் படித்துவிட்டு, புதுப்பிப்புகளின் வரலாற்றையும் திறந்து தேதிகளைப் பார்க்க வேண்டும். சொன்ன கால அளவு கடந்துபோய், கடைசிப் புதுப்பிப்பும் பல மாதங்களுக்கு முந்தியதாக இருந்தால், வேறு சான்று தேட வேண்டியதில்லை. ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்கப்படாத எர்லி ஆக்சஸ் விளையாட்டுகளில் ஸ்டீமே 2025 முதல் அதைக் குறிப்பிட்டுக் காட்டுகிறது. விமர்சனங்களிலும் மொத்த மதிப்பெண்ணைவிடச் ‘சமீபத்திய’ என்ற பிரிவே இன்றைய நிலையைச் சொல்லும்.

இவற்றில் தேறிய விளையாட்டை வாங்கியபின், திருப்பித் தரும் விதியைத் திட்டமிட்டுப் பயன்படுத்தலாம். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. முற்றுப்பெறாத விளையாட்டுக்கும் இதே விதிதான். ஸ்டீம் வழியான பதிவிறக்க நேரம் அக்கணக்கில் சேராது. ஆனால் விளையாட்டைத் திறந்தபின் முகப்புத் திரையில் காத்திருக்கும் நேரமும், அமைப்புகளை மாற்றிப் பார்க்கும் நேரமும் சேரும். எனவே முதல் அமர்வில் கதையில் ஆழாமல், கனமான காட்சி ஒன்றை உருவாக்கி வேகத்தைச் சோதித்து, சேமித்த ஆட்டம் மீண்டும் சரியாகத் திறக்கிறதா எனப் பார்த்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவெடுப்பது நல்லது.

முன்பதிவைப் பொறுத்தவரை விடை சுருக்கமானது. இணையத்தில் விற்கும் விளையாட்டு தீர்ந்துபோவதில்லை. முன்கூட்டிச் செலுத்துவதால் கிடைப்பது சில அலங்காரப் பொருள்களும், வெளியீட்டுக்கு முன்பே பதிவிறக்கிவைக்கும் வசதியும்தான். சைபர்பங்க் 2077 விளையாட்டுக்கு 80 லட்சம் முன்பதிவுகள் குவிந்தன. 2020 டிசம்பர் 10 அன்று அது வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே தரப்பட்டது. பழைய பிளேஸ்டேஷன் 4-இல் அது எவ்வளவு மோசமாக ஓடுகிறது என்பது வாங்கியபின்பே தெரிந்தது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து நீக்கியது, அடுத்த ஜூனில்தான் திரும்பக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட கருவியில் ஓடும் காட்சியை வெளியீட்டுக்கு முன் எவருக்கும் காட்டாதிருப்பதே அக்கருவி உடையோருக்கு உரிய எச்சரிக்கை.

ஸ்டீமில் முன்பதிவை வெளியீட்டு நாள் வரை ரத்து செய்யலாம், அதன்பின் இரண்டு மணி நேர விதியும் உண்டு. பிளேஸ்டேஷன் கடையிலோ, பதிவிறக்கம் தொடங்கிவிட்டால், விளையாட்டு பழுதானதாக இருந்தாலன்றிப் பணம் திரும்பாது; முன்பதிவு செய்தவை தாமாகவே பதிவிறங்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், அண்ணன் ஒருமுறைகூட விளையாடாமலேயே அவ்வுரிமை போய்விடும். ஆதலால் அவர் வெளியீட்டுக்குப் பின் இரண்டு வாரம் பொறுத்து, தம் கருவியில் ஓடும் காட்சிகளைப் பார்த்து முடிவெடுப்பதே தகும். பூந்தமல்லிக் கடைக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தா. அங்கு டிஸ்க் வேண்டுமென்றே முன்பணம் கொடுப்பதாயின், வெளியீடு தள்ளிப்போனால் தொகை எப்போது திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும், எழுதித்தர மறுத்தால் கொடுக்க வேண்டியதில்லை.