'போல' என்று ஒரு வார்த்தை

அப்பா 2016-ல் செத்த பதினாறாம் நாள், பந்தலைப் பிரிக்கும் முன்பே அண்ணன் சொன்னான்: "வச்சிருந்தவ மகளுக்கு இங்க என்ன இருக்கு?" அந்தக் கோபத்தோடு மறுநாளே திண்டுக்கல் கோர்ட் பக்கம் போய் ஒரு வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் விட்டேன். அந்த அவசரம்தான் என் வழக்கைக் கெடுத்தது.

நோட்டீஸில் வக்கீல் எழுதியது: "மேற்படியாரும் என் கட்சிக்காரரின் தாயாரும் கணவன் மனைவி போல வாழ்ந்து வந்தனர்." படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பிறகு அதையே பார்த்து பிராதும் எழுதினார்கள்.

'போல' என்றால் என்ன கேடு என்று குறுக்கு விசாரணையில்தான் புரிந்தது. "கல்யாணமே நடக்கலைன்னு நீங்களே எழுதிட்டீங்களே!" என்று நோட்டீஸை நீட்டினார் எதிர்வக்கீல். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். இந்து திருமணச் சட்டப்படி முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது கட்டிய தாலி செல்லாது. ஆனால் செல்லாத அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளையை அதே சட்டத்தின் 16-வது பிரிவு முறையான பிள்ளையாகவே வைக்கிறது. அப்பா சொத்தில் பங்கு உண்டு. கல்யாணமே நடக்காமல் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பிரிவு கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளையைத் தாயோடும், அதே தாய்க்கு அப்படிப் பிறந்தவர்களோடும்தான் உறவாக்கும், தகப்பனோடு இல்லை. அதாவது செல்லாத தாலியாவது கட்டியிருக்க வேண்டும். எங்கம்மா கழுத்தில் கட்டியிருந்தது. நான்தான் அதை எழுத்தில் அறுத்துவிட்டேன்.

பல வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் கல்யாணம் நடந்ததாக கோர்ட் அனுமானிக்குமே என்பார்கள். முதல் மனைவி கண்முன்னே உட்கார்ந்திருக்கும்போது அந்த அனுமானம் நிற்காது. பெரியம்மா சாட்சிக் கூண்டிலேயே ஏறினார்.

பிராதைத் திருத்த மனுப் போட்டு, எந்தக் கோயில், எந்த மாதம், தாலி எடுத்துக் கொடுத்தது யார் என்று எல்லாம் சேர்க்க இரண்டு வருஷம் ஓடியது. விசாரணை தொடங்கிய பின் திருத்தம் கேட்டால் லேசில் விடமாட்டார்கள். தாய்மாமா சாட்சி சொன்னார். என் டி.சி., பழைய ரேஷன் கார்டு இரண்டிலும் அப்பா பெயர் இருந்தது. அவை அப்பா யார் என்று காட்டும், கல்யாணத்தைக் காட்டாது. அதற்கு மாமாவின் வாய்தான் உதவியது. வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்த கதையை விடுங்கள். சொத்தில் உரிமையை அது தீர்மானிக்காது.

கீழ்க்கோர்ட் கல்யாணத்தை நம்பியது. ஆனால் அப்பா சம்பாதித்து வாங்கிய டவுன் வீட்டில் மட்டும் நாலில் ஒரு பங்கு தந்தது. வேடசந்தூர் பக்கத்துப் பூர்வீக நிலத்தில் இல்லை என்றது. அப்பீல் நிலுவையில் இருக்கும்போது, 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்கு விழும் பங்கிலும் இப்படிப்பட்ட பிள்ளைக்கு உரிமை உண்டு என்றது. ஆனால் அந்தப் பங்கைத் தாண்டிக் கை நீட்ட முடியாது.

என் கணக்கைப் பாருங்கள். நிலம் 6 ஏக்கர். அப்பா சாவதற்குச் சற்று முன் பாகம் பிரித்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா, அண்ணன், அக்கா ஆளுக்கு 2 ஏக்கர். அண்ணனும் அக்காவும் பிறந்தபோதே பங்காளிகள். நான் அந்த வட்டத்தில் இல்லை. அப்பாவின் 2 ஏக்கர், அதாவது 200 சென்ட், பெரியம்மா, அண்ணன், அக்கா, நான் என்று நாலாகும். எனக்கு 50 சென்ட். அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு 250. எங்கம்மாவுக்கு ஒன்றுமில்லை, பிள்ளையைக் காப்பாற்றும் பிரிவு தாயைக் காப்பாற்றாது.

அப்பா உயிரோடு இருக்கும்போது அண்ணன் பாகம் கேட்டிருக்கலாம், என்னால் முடியாது. அப்பா தன் பங்கை உயிலாக வேறு யாருக்காவது எழுதியிருந்தால் இந்த 50 சென்ட்டும் போயிருக்கும். எனக்கே எழுதி வைத்திருந்தால் கோர்ட்டு வாசலே மிதித்திருக்க மாட்டேன். அம்மாதான் "உயில் கேட்டா அவரு மனசு நோகும்" என்று தடுத்தாள். நீங்கள் கேட்டு வாங்கிவிடுங்கள், நோகட்டும். கல்யாணம் செய்துவைத்த பெரியவர்களின் வாக்குமூலத்தை அவர்கள் நடமாடும்போதே எழுதி வாங்குங்கள். நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு தடவை படியுங்கள்.

அப்பீல் முடிந்து அந்த 50 சென்ட்டை அளக்க கமிஷனரும் சர்வேயரும் வந்த அன்று, கிணற்றடி வேண்டாம், ரோட்டோரம் கொடுங்கள் என்று கேட்டேன். "வந்த வழிக்கு வாயைப் பாரு" என்று அண்ணன் இன்னும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். கேட்டேன்தான். ரோட்டோரம்தான் கிடைத்தது.