ஓடி வரம்பை உயர்த்தக் கேட்கும் கடிதம்

வங்கியில் ஓவர் டிராஃப்ட் வரம்பை உயர்த்தக் கேட்டுச் சிறு கடைக்காரர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். பல வருட வாடிக்கையாளர் என்பார்கள், தவணை தவறியதில்லை என்பார்கள், வியாபாரம் பெருகியிருப்பதால் வரம்பை உயர்த்தித் தர வேண்டும் என்று முடிப்பார்கள். கீழே இணைப்புகள் என்று பத்துத் தாள்களின் பெயர்கள் இருக்கும். கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் நான் கற்றது, இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதுதான். முதலில் தாள்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். அவை சொல்வதை மட்டுமே கடிதம் சொல்ல வேண்டும். கேட்கும் தொகையும் அவற்றிலிருந்தே வர வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிற்றூரில் குழாய், பிளம்பிங் சாமான் விற்கும் கடை. ஆண்டு விற்பனை 40 லட்சமாக இருந்தபோது 8 லட்சம் வரம்பு கிடைத்தது. மறு ஆண்டு 50 லட்சம், அதற்கடுத்து 60 லட்சம் என்று விற்பனை வளர்ந்திருக்கிறது. வரும் ஆண்டுக்கு 70 லட்சம் மதிப்பிடுகிறார் உரிமையாளர். சிறு தொழில்களுக்கு வங்கிகள் பயன்படுத்தும் நாயக் குழுவின் முறைப்படி, எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. அதில் விற்பனையின் 20 சதவீதத்தை வங்கி தரும், மீதி 5 சதவீதத்தை உரிமையாளர் போட வேண்டும். 70 லட்சத்தில் 20 சதவீதம் 14 லட்சம். பலர் இந்த இடத்திலேயே நின்று 14 லட்சம் கேட்டுவிடுகிறார்கள்.

ஆனால் வரம்பு என்பது ஒன்று, அதில் எடுக்க முடிகிற தொகை வேறொன்று. இரண்டாவதை வங்கியில் டிராயிங் பவர் என்பார்கள். அதை முடிவு செய்வது மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். இந்தக் கடையில் 16 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது. அதில் 4 லட்சத்துக்கான சரக்குக்கு மொத்த வியாபாரிக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. அதைக் கழித்தால் 12 லட்சம். அதற்கு 25 சதவீதம் மார்ஜின் போக 9 லட்சம். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 6 லட்சம். அதில் 1 லட்சம் 90 நாளைத் தாண்டியது, அதை வங்கி கணக்கில் எடுக்காது. மீதி 5 லட்சத்துக்கு 40 சதவீதம் மார்ஜின் போக 3 லட்சம். ஆக மொத்தம் 12 லட்சம். மார்ஜின் விகிதம் வங்கிக்கு வங்கி மாறும், உங்கள் பழைய அனுமதிக் கடிதத்தில் அது எழுதியிருக்கும். விற்பனை 14 லட்சம் என்கிறது, சரக்கும் பாக்கியும் 12 லட்சம் என்கின்றன. அப்படியானால் கேட்க வேண்டியது 12 லட்சம்தான்.

வங்கி எப்படியும் வெட்டும், அதனால் கூட்டித்தான் கேட்க வேண்டும் என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற முறை அது. வங்கிக் கோப்பைப் படிப்பவர் பேரம் பேசுவதில்லை, தாள்களை வைத்துக் கணக்குப் போடுகிறார். அவர் போடும் கணக்கில் 12 வந்து, நீங்கள் 18 கேட்டிருந்தால், உங்களுக்கே உங்கள் கடைக் கணக்கு தெரியவில்லை என்றுதான் அவருக்குப் படும். அதன்பின் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார். மேலாளருக்கு என்னை நன்றாகத் தெரியும், இவ்வளவு தாள் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. பல வங்கிகளில் கோப்பு கிளையில் முடிவதில்லை. கடன் பரிசீலனை மையத்துக்கோ வட்டார அலுவலகத்துக்கோ போகிறது. அங்கே இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. உங்களுக்காகப் பேச நினைக்கும் மேலாளருக்கும் கையில் தாள் வேண்டும்.

தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான் மிகக் கடினமான பகுதி. 60 லட்சம் விற்பனை என்று கடிதம் சொன்னால் 12 மாத ஜிஎஸ்டிஆர்-3பி படிவங்களின் கூட்டுத்தொகையும், வருமான வரிக் கணக்கும், லாப நட்டக் கணக்கும் அதையே சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கின் வரவு மட்டும் வேறாக இருக்கலாம், அதற்குக் காரணம் உண்டு. ஜிஎஸ்டி படிவத்தில் விற்பனை வரி நீங்கலாக இருக்கும், கையில் வரும் பணம் வரியோடு சேர்ந்தது. 18 சதவீத வரி என்றால் 60 லட்சம் விற்பனைக்கு 70 லட்சத்து 80 ஆயிரம் வர வேண்டும். கணக்கில் 45 லட்சம்தான் வரவு என்றால் மீதி எங்கே என்ற கேள்வி எழும். பல கடைகளில் விடை கல்லாவுக்கு முன்னால் ஒட்டியிருக்கிறது. கியூஆர் அட்டை உரிமையாளரின் சொந்த சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கும். அதை ஓடி கணக்குக்கு மாற்றி, சில மாதம் பணம் அதில் ஓடிய பிறகு விண்ணப்பிப்பது நல்லது. அதுவரை பொறுக்க முடியாதென்றால் சேமிப்புக் கணக்கின் அறிக்கையையும் இணைத்து, காரணத்தைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பில் போடாத விற்பனையைச் சேர்த்தால் இன்னும் அதிகம் வருமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: கணக்கில் காட்டாத விற்பனைக்கு வரம்பு கேட்க முடியாது.

கணக்கு நடந்துகொண்ட விதமும் ஒரு சாட்சி. ஓடி கணக்கில் எடுத்த தொகை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சரக்கு விற்றுப் பணம் திரும்புகிறது என்று பொருள். மாதக்கணக்கில் 8 லட்சத்தின் விளிம்பிலேயே அசையாமல் நின்றால், பணம் விற்காத சரக்கிலோ வராத பாக்கியிலோ, சில சமயம் வீடு கட்டியதிலோ முடங்கியிருக்கிறது. வரம்பைத் தொடர்ந்து 90 நாள் தாண்டி நின்றால் அது வாராக்கடன் ஆகிவிடும். அந்த நிலையில் இருப்பவர் உயர்வு கேட்பதற்கு முன் பழைய சரக்கைக் கழிக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் போல ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் தேவையென்றால் நிரந்தர உயர்வு கேட்காமல், திருப்பும் தேதியைச் சொல்லித் தற்காலிகக் கூடுதல் வரம்பு கேட்கலாம்.

இவ்வளவும் சரியானபின் கடிதம் சிறியதாகிவிடும்:

"மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு, எங்கள் கடையின் ஓடி வரம்பை 8 லட்சத்திலிருந்து 12 லட்சமாக உயர்த்தித் தருமாறு வேண்டுகிறேன். இந்த வரம்பு 40 லட்சம் விற்பனையின்போது அனுமதிக்கப்பட்டது. சென்ற ஆண்டு விற்பனை 60 லட்சம் (இணைப்பு 1: ஜிஎஸ்டி படிவங்கள், 2: மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு, பேலன்ஸ் ஷீட்). வரும் ஆண்டு மதிப்பீடு 70 லட்சம் (இணைப்பு 3). சரக்கு, பாக்கி, கொடுக்க வேண்டியவை ஆகியவற்றின்படி எடுக்கத்தக்க தொகை 12 லட்சம் (இணைப்பு 4: ஸ்டாக் ஸ்டேட்மென்ட், 90 நாளுக்குள், அதற்கு மேல் எனப் பிரித்த பாக்கிப் பட்டியல்). ஓடி கணக்கின் 12 மாத அறிக்கை (5), உத்யம் சான்று (6), சரக்குக் காப்பீடு (7), கடை வாடகை ஒப்பந்தம் (8) இணைத்துள்ளேன்."

சரக்குக் காப்பீடு 8 லட்சத்துக்கே இருந்தால் அதை இப்போதைய சரக்கு மதிப்புக்கு உயர்த்திவிட்டுக் கடிதத்தைக் கொடுங்கள். சொத்து ஈடு இருந்தால் புதிய வில்லங்கச் சான்றும் வேண்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு கிளையின் முத்திரை வாங்கி வையுங்கள். சிறு தொழில் கடன் விண்ணப்பங்களுக்கு வங்கிகள் ஒப்புகை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, தயங்காமல் கேளுங்கள்.