வெளிநாட்டு உழைப்பும் வீட்டுக் கணக்கும்

கேள்வி: கல்லூரியில் சமூகவியல் எடுக்கிறேன். உழைப்பு பற்றிய பாடத்தை, வெளிநாடு போனவர்களின் பிள்ளைகளிடம் எப்படிக் கேள்வியாக்குவது?
– ஆசிரியர் ஒருவர், பென்னாகரம்

பதில்: சமூகவியலாளர் மைக்கேல் புரவாய் புலம்பெயர் உழைப்பு பற்றி 1976-இல் எழுதிய கட்டுரையைக் கொடுங்கள். கலிபோர்னியாவின் மெக்சிகோ பண்ணைத் தொழிலாளர்களையும், தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களையும் ஒப்பிடுகிறார். தொழிலாளியின் அன்றாடப் பிழைப்புச் செலவு வேலை செய்யும் இடத்தில். அவர் குடும்பத்தை வளர்க்கும் செலவு சொந்த ஊரில். வேலை கொடுப்பவருக்கு இந்தப் பிரிவினைதான் லாபம் என்கிறார்.

"அப்பா எவ்வளவு அனுப்புகிறார்?" என்று கேட்காதீர்கள். "அவர் போன பிறகு ஆடு மேய்ப்பது யார், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது யார், அந்த வேலைக்குக் கூலி உண்டா?" என்று கேளுங்கள். புரவாய் சொல்லும் குடும்பச் செலவை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து கடன். ஒருவர் வளைகுடா போக 1,50,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மாதவட்டியே 4,500. வீட்டுக்கு 20,000 அனுப்பினால், அசலைத் தொடாமலே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். "மீதி யாருக்குப் போனது? கடன் அடையும்வரை அவரால் வேலையை உதறிவிட்டு வர முடியுமா?" இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வகுப்பில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தொழிலாளியைக் கட்டிப்போடும் எல்லைச் சட்டங்களைப் புரவாய் பெரிதாகப் பேசுகிறார்; கடன் அதே வேலையை வீட்டுக்குள்ளிருந்தே செய்கிறது.

சொந்தக் கதையை எழுதச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக் கணக்கைப் பெயரில்லாமல் எழுதினாலும் போதும்.