வீடா, காப்பிக் கடையா, வாடகை நாற்காலியா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் சொந்தமாகத் தொழில் செய்யும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். எங்கே உட்கார்ந்து வேலை செய்வது என்று கேட்கிறார்கள். கோ-ஒர்க்கிங் எனப்படுவது, பலருக்குப் பொதுவான ஓர் அலுவலகத்தில் ஒரு நாற்காலியை மட்டும் வாடகைக்கு எடுப்பது. வாடகையை மட்டும் ஒப்பிட்டால் விடை கிடைக்காது. தடையின்றி வேலை நடந்த மணி ஒன்றுக்கு என்ன செலவு என்பதே சரியான அளவுகோல்.

சித்தூரில் இருக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். கட்டட வரைபடங்கள் போடுபவர். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் திருப்பதியில். முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறிக்கச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தது எத்தனை மணிக்கு, எழுந்தது எத்தனை மணிக்கு, எதற்காக? முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே மூச்சில் நடந்த வேலையை மட்டும் கூட்ட வேண்டும். எட்டு மணி நேரம் மேசை முன் இருந்தவருக்கு, காஸ் சிலிண்டர், உறவினர், கரண்ட் கட் எல்லாம் போக நான்கு மணிதான் தேறியது என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டுச் செலவு: இன்டர்நெட்டும் கூடுதல் மின்சாரமும் ரூ.1,300. இன்வெர்ட்டர், பேட்டரி ரூ.24,000 என்றால், நான்கு வருட ஆயுளுக்குப் பிரித்து மாதம் ரூ.500. ஆக ரூ.1,800. மாதம் 22 நாளில் 88 மணி. மணிக்கு சுமார் ரூ.20. (12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு லேப்டாப், ஒரு மின்விசிறி, இன்டர்நெட் பெட்டி ஆகியவற்றை ஏறக்குறைய ஆறேழு மணி ஓட்டும். ஆனால் தெருவில் உள்ள இன்டர்நெட் கருவிக்கும் கரண்ட் போனால் உங்கள் பேட்டரி உதவாது. செல்போன் டேட்டா கைவசம் இருக்கட்டும்.)

திருப்பதியில் நாற்காலி வாடகை ரூ.5,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.900. சித்தூரிலிருந்து சாலை வழி சுமார் 70 கிலோமீட்டர். போக வர பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு ரூ.200 வீதம் ரூ.4,400. மொத்தம் ரூ.10,300. அங்கே ஐந்து மணி தடையின்றி நடந்தால் 110 மணி. அதாவது, கூடுதலாகக் கிடைப்பது 22 மணி; அதற்குக் கூடுதல் செலவு ரூ.8,500. மணிக்கு ரூ.386 ஆகிறது! பயணத்தில் தினம் மூன்றரை மணி நேரம் கழிவது தனி. திருப்பதியிலேயே குடியிருப்பவருக்குப் பஸ் செலவு விழாது, பெட்ரோல் ரூ.600 என்றால் அதே 22 மணிக்கு ரூ.4,700, மணிக்கு சுமார் ரூ.214. அவர் மணிக்கு அதைவிட நன்றாகச் சம்பாதித்தால் நாற்காலி எடுக்கலாம். சித்தூர்க்காரருக்கு அது கட்டாது.

காப்பிக் கடையை நான் அலுவலகமாகக் கருதுவதில்லை. டிபன் நேரத்தில் நாற்காலியைக் காலி செய்யாமல் இருப்பது முறையும் அல்ல. அறிமுகமில்லாத ஒருவரை முதன்முறை அரை மணி சந்திக்க அது போதும். ஆனால் பெரிய தாளை விரித்து வைத்துத் திருத்தவோ, பணம் பேசவோ முடியாது. பக்கத்து மேசையில் இருப்பவர் அவருடைய போட்டியாளராகக்கூட இருக்கலாம்.

ஆகவே நம் இளைஞருக்கு ஏற்ற வழி நடுவில் இருக்கிறது. வரைவது வீட்டில், சந்திப்புகள் வாரம் ஒரே நாளில், திருப்பதியில். ஒரு நாள் நாற்காலி ரூ.400, சந்திப்பு அறை ஒரு மணிக்கு ரூ.300 என்று கொண்டால், வரியோடு ரூ.826, பஸ் ரூ.200. மாதம் நான்கு நாளைக்கு ரூ.4,104. வீட்டுச் செலவையும் சேர்த்தால் ரூ.5,904; முழு மாத நாற்காலிக்கு ஆகும் ரூ.10,300-ஐ விட நன்றாகக் குறைவு. வாரம் மூன்று நாள் திருப்பதியில் வேலை வந்தால் கணக்கு மாறும்: மாதம் பதின்மூன்று நாளைத் தொட்டாலே நாள் வாடகை மாத வாடகையைத் தாண்டிவிடுகிறது.

பேசி முடிக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மாத வாடகையில் சந்திப்பு அறை எத்தனை மணி அடக்கம்? முன்பணம் எப்போது திரும்பும்? ஜி.எஸ்.டி. பதிவுக்கு முகவரியாகக் காட்டச் சம்மதக் கடிதம் தருவார்களா? பதிவு உள்ளவர் பில்லில் தம் எண்ணைப் போடச் சொன்னால்தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். பதிவே இல்லாதவருக்கு அந்த 18 சதவீதம் செலவுதான்.

புரட்டாசி பிரம்மோற்சவ நாட்களிலும் வைகுண்ட ஏகாதசியை ஒட்டியும் திருப்பதியில் சந்திப்பு வைக்காதீர்கள். குறிப்பாகக் கருட சேவை நாளில் பஸ் நகராது. அந்த வாரம் வாடிக்கையாளரைச் சித்தூருக்கு வரச் சொல்லலாம். வீட்டு முன்னறையை ஒரு மணி நேரம் ஒழித்துக் கொடுத்தால் போதும்.