வேலை அட்டவணையின் நிறக்கட்டங்களிலிருந்து தொடக்கத் திகதியையும் முடிவுத் திகதியையும் எடுப்பது எப்படி?

வீடமைப்பு உதவி பெறும் குடும்பங்களுக்கு வேலைத்திட்ட அட்டவணை ஒன்று தரப்படுவதுண்டு. இடப்பக்கம் வேலைகளின் பெயர்கள் இருக்கும். மேலே வாரங்கள் வரிசையாக இருக்கும். வேலை நடக்கும் வாரங்களின் கட்டங்கள் நிறந்தீட்டப்பட்டிருக்கும். ஆனால் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்று அதில் எழுதியிருக்காது. அதை நீங்களே எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தத் திகதிகளுடன் பணமும் சேர்ந்திருக்கிறது. 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில், புதிய வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா ஒதுக்கப்பட்டது. வீட்டைக் கட்டும் பொறுப்பு பயனாளிக் குடும்பத்திடமே இருந்தது. பணம் ஒரே தடவையில் தரப்படவில்லை. வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பார்த்த பின்னரே அடுத்த தவணை வந்தது. இப்படியான திட்டங்களில் முடிவுத் திகதியைத் தவறாக வாசித்தால், பாதி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைக்க நேரிடும். அவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார், தவணையும் தள்ளிப்போகும்.

மாதிரி அட்டவணை

கீழே 15 வாரங்களுக்கான ஒரு மாதிரி தரப்பட்டுள்ளது. முதலாம் வாரம் 2018 ஜூன் 4, திங்கட்கிழமை தொடங்குகிறது. எண்ணுவதற்கு வசதியாகக் கட்டங்கள் ஐந்து ஐந்தாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கறுப்புக் கட்டம் வேலை நடக்கும் வாரத்தைக் குறிக்கும்.

நிலம் துப்புரவு: ■□□□□ □□□□□ □□□□□
அத்திவாரம்: □■■■□ □□□□□ □□□□□
சுவர்: □□□□□ ■■□■■ □□□□□
லிண்டல்: □□□□□ □□□□□ ■□□□□
கூரை: □□□□□ □□□□□ □□■■■

முதலில் வாரங்களின் தொடக்க நாட்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஜூன் 4, 11, 18, 25. ஜூலை 2, 9, 16, 23, 30. ஓகஸ்ட் 6, 13, 20, 27. செப்டெம்பர் 3, 10. மொத்தம் 15 திகதிகள். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் மீதி வேலை இலகு.

தொடக்கமும் முடிவும்

அத்திவாரத்தின் வரியைப் பாருங்கள். முதல் நிறக்கட்டம் 2ஆம் வாரத்தில் இருக்கிறது. அந்த வாரத்தின் முதல் நாளே தொடக்கத் திகதி: ஜூன் 11.

கடைசி நிறக்கட்டம் 4ஆம் வாரத்தில் இருக்கிறது. அதன் தலைப்பில் ஜூன் 25 என்று இருக்கும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். ஜூன் 25 அந்த வாரம் தொடங்கும் நாள். வேலை முடியும் நாள் அல்ல. கட்டம் முழுவதும் நிறந்தீட்டப்பட்டிருப்பதால் வேலை அந்த வாரத்தின் கடைசி நாள் வரை போகலாம். ஆகவே முடிவுத் திகதி ஜூலை 1, ஞாயிறு. மேசன் ஞாயிறு வேலை செய்யாதவர் என்றால் ஜூன் 30, சனி.

சரி பார்க்க இரண்டு வழிகள் உண்டு. நிறக்கட்டத்துக்கு அடுத்து வரும் வெற்றுக் கட்டத்தின் தலைப்புத் திகதியில் ஒரு நாளைக் குறையுங்கள். இங்கே அது ஜூலை 2. ஒரு நாள் குறைய ஜூலை 1. மற்றது, நிறக்கட்டங்களை எண்ணி 7 ஆல் பெருக்குங்கள். 3 கட்டம் என்றால் 21 நாள். ஜூன் 11ஐயும் ஒரு நாளாகச் சேர்த்து எண்ணினால் 21ஆவது நாள் ஜூலை 1. இரண்டு விடையும் ஒத்துவந்தால் நீங்கள் வாசித்தது சரி.

வரியின் நடுவே வெற்றுக் கட்டம் இருந்தால்

சுவரின் வரியில் இரண்டு நிறக்கட்டங்களும், பிறகு ஒரு வெற்றுக் கட்டமும், மீண்டும் இரண்டு நிறக்கட்டங்களும் இருக்கின்றன. இதை ஜூலை 9 முதல் ஓகஸ்ட் 12 வரை என்று ஒரே வேலையாக எழுதக் கூடாது. இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: ஜூலை 9 முதல் 22 வரை, ஜூலை 30 முதல் ஓகஸ்ட் 12 வரை. இந்த மாதிரியில் யன்னல் மட்டம் வரை கட்டியபின், யன்னல் நிலைகள் வந்து சேரும் வரை ஒரு வாரம் வேலை நிற்கிறது. பிரித்து எழுதாவிட்டால் அந்த வாரத்துக்கும் மேசனைப் பேசி வைத்துவிடுவீர்கள்.

எந்த வரியிலும் நிறமில்லாத வாரங்களையும் கவனியுங்கள். இங்கே சுவர் வேலை நிற்கும் 8ஆம் வாரத்தைத் தவிர 5ஆம், 12ஆம் வாரங்களிலும் எந்த வேலையும் இல்லை. 5ஆம், 12ஆம் வாரங்கள் அத்திவாரத்தையும் லிண்டலையும் பார்வையிடுவதற்கு விடப்பட்டவை. உத்தியோகத்தரை ஜூலை 2ஆம் திகதிக்கும் ஓகஸ்ட் 20ஆம் திகதிக்கும் வரும்படி முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

லிண்டல் ஒரே கட்டம்: ஓகஸ்ட் 13 முதல் 19 வரை. கூரை ஓகஸ்ட் 27இல் தொடங்கிச் செப்டெம்பர் 16இல் முடிகிறது. யாழ்ப்பாணத்தில் பெருமழை ஒக்டோபரில் தொடங்குவதால் இந்த முடிவுத் திகதிக்குப் பின் மிச்சம் இருப்பது சுமார் இரண்டு வாரங்களே. தற்காலிகக் கொட்டிலிலோ உறவினர் வீட்டிலோ இருப்பவர்கள் இந்தத் திகதியைத் தனியாகக் குறித்து வையுங்கள். சீமெந்து போன்ற பொருட்களைத் தொடக்கத் திகதியை ஒட்டியே வாங்குங்கள். முன்கூட்டி வாங்கிய சீமெந்தில் ஈரம் ஏறிக் கட்டிபட்டுவிடும்.

எண்ணும் முன் பார்க்க வேண்டியவை

மேலே உள்ள திகதி வாரத்தின் முதல் நாளா, கடைசி நாளா என்று கலண்டரில் பாருங்கள். அது திங்கட்கிழமை என்றால் பெரும்பாலும் வாரம் தொடங்கும் நாள். வெள்ளி அல்லது ஞாயிறு என்றால் வாரம் முடியும் நாளாக இருக்கலாம். அப்போது கடைசி நிறக்கட்டத்தின் திகதியே முடிவுத் திகதி. தொடக்கத் திகதியைத்தான் பின்னோக்கி எண்ணி எடுக்க வேண்டும்.

சில அட்டவணைகளில் திகதி இருக்காது. ஒவ்வொரு மாதமும் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அங்கே 7 ஆல் பெருக்குவது பொருந்தாது. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மூன்றும் சேர்ந்து 12 கட்டம். 7 ஆல் பெருக்கினால் 84 நாள் வரும். உண்மையில் 92 நாள். எட்டு நாள் பிசகும். இத்தகைய அட்டவணையில் நான்காம் கட்டம் பொதுவாக 22ஆம் திகதியிலிருந்து மாத முடிவு வரை போகும். தந்தவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நிறங்களின் விளக்கத்தையும் தேடுங்கள். திட்டமிட்ட வேலைக்கு ஒரு நிறமும் நடந்து முடிந்த வேலைக்கு வேறு நிறமும் இருந்தால், கறுப்பு வெள்ளைப் போட்டோப்பிரதியில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரியும். அப்படியான பிரதியை வைத்து எண்ண வேண்டாம். நிறப் பிரதியைக் கேட்டுப் பாருங்கள்.

வாரக் கட்டத்திலிருந்து சரியான நாளை எடுக்க முடியாது. வேலை வாரத்தின் நடுவிலும் தொடங்கலாம், வாரம் முடியும் முன்னரும் நிறைவேறலாம். நீங்கள் எடுத்த திகதிகள் இரு பக்க எல்லைகள்: தொடக்கம் இதற்கு முந்தாது, முடிவு இதற்குப் பிந்தாது என்பதே அட்டவணை சொல்வது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு திகதிகளையும் எழுதி, அந்தத் தாளை மேசனிடமும் உத்தியோகத்தரிடமும் காட்டி, மூவரும் ஒரே திகதியைத்தான் வாசிக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.