முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஒரு விண்ணப்பக் கடிதம்

காணியை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், வீடுகளில் முதியோரைப் பராமரிக்கும் 'ஹோம் நேர்ஸ்' வேலை செய்கிறார்கள். அவர்களுள் வெளிநாடு செல்ல விரும்புவோர் அனுப்பும் கடிதங்களில் "நான் அன்பும் பொறுமையும் உள்ளவள்" என்ற வசனம் தவறாமல் இருக்கும். வேலை கொடுப்பவர் அதைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்கக் கூடியதையே எழுதவேண்டும் என்பதே இப்பாடம்.

உடுப்பிட்டிப் பிள்ளை ஒருவர் ஜப்பானிலுள்ள முதியோர் இல்லமொன்றுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பராமரிப்பு உட்பட்ட வேலைகளுக்கு ஆட்களை அனுப்ப இலங்கையும் ஜப்பானும் 2019 ஜூனில் உடன்பாடு செய்தன.

முதலில் பயிற்சி. எங்கே, எத்தனை மாதம், என்ன சான்றிதழ் என்று எழுதிய பின், கையால் செய்த வேலைகளைச் சொல்லவேண்டும். "படுக்கையிலிருந்த ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தேன், படுக்கைப்புண் வரவில்லை" என்ற வரி போதும். ஆறு மாதம் பயின்றவர் தம்மைப் பதிவு பெற்ற தாதி என்று எழுதலாகாது. சான்றிதழைப் பார்த்ததும் அது பொய்யென்று தெரிந்துவிடும், மற்றவையும் நம்பப்படா.

அடுத்தது பொறுமை. அதை ஒரு நிகழ்ச்சியாகக் காட்டவேண்டும். "மறதி நோயுள்ள அம்மா ஒருவர் குளிக்க மறுத்துச் சத்தமிட்டார். நான் வற்புறுத்தவில்லை. காலைக் குளிர்தான் காரணமென்று கண்டு, பின்னேரம் இளஞ்சூட்டு நீரில் குளிக்கவைத்தேன்." நோயாளியின் பெயரை எழுதக்கூடாது, அவருடைய அந்தரங்கத்தைக் காப்பதும் இத்தொழிலின் கடமை.

மூன்றாவது, நற்சான்று தருவோர். பயிற்சி கொடுத்தவர் ஒருவர், பராமரித்த குடும்பத்தில் ஒருவர் என இருவர் போதும். முன்பே அவர்களின் சம்மதம் கேட்கவேண்டும். உறவினர் பெயர் பயன்தராது. ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தியது. ஆதலால் அவர்களை அழைக்கக்கூடிய நேரத்தையும், அவர்கள் பேசும் மொழியையும் குறிக்கவேண்டும்.

கடைசியாக மொழி. "நன்றாகப் பேசுவேன்" என்பது பெறுமதியற்றது. ஜப்பானின் 'குறித்த திறன்' விசாவில் பராமரிப்பு வேலைக்குச் செல்ல மூன்று பரீட்சைகள் உண்டு: பராமரிப்புத் திறன், பராமரிப்புக்கான ஜப்பானிய மொழி, பொதுவான ஜப்பானிய மொழி. கடைசிக்கு 'என் 4' மட்டச் சித்தி ஏற்கப்படும். எதில், எப்போது சித்தியடைந்தோம், எதற்கு இன்னும் தோற்றவில்லை என்று அப்படியே எழுதவேண்டும். முதியவர் "நெஞ்சு நோகிறது" என்றால் அதை விளங்கி, உடனே சொல்லி, குறிப்பேட்டில் பதியவேண்டியவர் நாமல்லவா?

முகவர் எழுதித்தரும் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டாம். நேர்முகத்தில் அதிலுள்ள ஒரு வரியைக் காட்டி, "அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். தான் செய்ததை எழுதியவர் தடுமாறமாட்டார். அந்த முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பணியகத்தில் கேட்டறிந்த பின்னரே கடவுச்சீட்டையோ காசையோ கொடுக்கவேண்டும்.