ஓபிவி முரண்போக்கு: வாங்கும் நேரத்தைக் காட்டுகிறதா?

ஒரு பங்கின் விலையையும் அதன் வணிக அளவையும் (சந்தையின் பேச்சுவழக்கில் வால்யூம்) ஒரே கோட்டில் சேர்த்துக் காட்டும் கருவிகளில் பரவலான ஒன்று ஆன் பேலன்ஸ் வால்யூம், சுருக்கமாக ஓபிவி. ஜோசப் கிரான்வில் 1963இல் வெளியிட்ட நூலால் புகழ்பெற்ற இதன் கணக்கு மிக எளியது: பங்கின் முடிவு விலை முந்தைய நாளைவிட உயர்ந்தால் அன்றைய வால்யூம் முழுவதும் கூட்டப்படும், தாழ்ந்தால் முழுவதும் கழிக்கப்படும், மாறாவிட்டால் எதுவும் செய்யப்படாது. விலை முந்தைய அடிமட்டத்தை உடைத்துக் கீழே சென்றிருக்க, ஓபிவி கோடு மட்டும் தன் முந்தைய அடிமட்டத்துக்கு மேலேயே நின்றால் அதை முரண்போக்கு, அதாவது டைவர்ஜென்ஸ், என்பர். அதைப் பங்கை வாங்குவதற்கான அறிகுறியாகக் கொள்வது வணிகர்களிடையே வேரூன்றிய வழக்கம்.

நம்பிக்கை: விலை இறங்கும்போது ஓபிவி ஏறினால், பெரிய கைகள் சத்தமின்றிப் பங்கைச் சேர்க்கின்றன.

ஒவ்வொரு வணிகத்திலும் வாங்குபவரும் விற்பவரும் சம அளவில் இருப்பதால், ஒரு நாளின் வால்யூம் முழுவதையும் ‘வாங்கியது’ என்றோ ‘விற்றது’ என்றோ முத்திரை குத்துவது வசதிக்காகச் செய்துகொண்ட ஓர் அனுமானமே. அந்த முத்திரையையும் முடிவு விலையின் திசை ஒன்றே தீர்மானிக்கிறது. இதன் விளைவைக் கற்பனையான ஒரு பங்கில் பார்க்கலாம். முதல் அடிமட்டம் 200 ரூபாய். அதற்கடுத்த 20ஆம் நாளில் வந்த இரண்டாம் அடிமட்டம் 195 ரூபாய். இந்த 20 நாட்களில் 8 நாட்கள் ஏற்றம், 11 நாட்கள் இறக்கம், அவை ஒவ்வொன்றிலும் 10 லட்சம் பங்குகள் கைமாறின. எஞ்சிய ஒரு நாளில் மட்டும், குறியீட்டு நிதிகள் தம் இருப்பை மாற்றியமைத்ததால், 60 லட்சம் பங்குகள் கைமாறி, விலை வெறும் 10 காசு உயர்ந்து முடிந்தது. அந்த 19 நாட்களின் கணக்கு மைனஸ் 30 லட்சம். அதனுடன் 60 லட்சத்தைக் கூட்டினால் ஓபிவி முதல் அடிமட்டத்தைவிட 30 லட்சம் மேலே நிற்கிறது, முரண்போக்கு தோன்றிவிட்டது. அதே நாள் 10 காசு இறங்கி முடிந்திருந்தால் கணக்கு மைனஸ் 90 லட்சம் ஆகியிருக்கும், முரண்போக்கு என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. தேசிய பங்குச் சந்தையில் முடிவு விலை என்பது கடைசி அரைமணி நேர வணிகத்தின் எடையிட்ட சராசரி என்பதையும் இங்கே நினைவில் கொண்டால், ‘பெரிய கைகளின்’ நோக்கம் எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது புலப்படும்.

தரவிலும் ஒரு பொறி உண்டு. ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் வழங்கியதுபோன்ற சந்தர்ப்பங்களில் பழைய விலைகளைப் பாதியாக்கிவிட்டுப் பழைய வால்யூமை இரட்டிக்காமல் விட்டால், போனஸுக்கு முந்தைய நாட்கள் அனைத்தும் அரை எடையோடுதான் ஓபிவியில் சேரும்.

நம்பிக்கை: முரண்போக்கு என்பது வால்யூம் சொல்லும் செய்தி.

முரண்போக்கைச் சோதிப்பதன் உயிர்நாடி இந்த நம்பிக்கையைச் சரிபார்ப்பதே. பெரும்பாலான சோதனைகள் கோட்டைவிடும் இடமும் இதுவே. எல்லா நாட்களிலும் வால்யூம் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால் ஓபிவி என்பது ஏற்ற நாட்களின் எண்ணிக்கையிலிருந்து இறக்க நாட்களின் எண்ணிக்கையைக் கழித்த கோடாகச் சுருங்கிவிடும். விலை சில பெரிய அடிகளில் சரிந்து, பல சிறு படிகளில் ஏறும் காலங்களில், அந்த வெறும் எண்ணிக்கைக் கோடே முரண்போக்கைக் காட்டும். அதில் வால்யூமின் பங்கு துளியும் இல்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஓபிவி காட்டும் முரண்போக்குகளில் எத்தனை இந்த எண்ணிக்கைக் கோட்டிலும் தோன்றுகின்றன என்று பார்ப்பதாகும்.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. முரண்போக்குக்குப் பின் விலை சராசரியாக ஏறியது என்று காட்டுவது எதையும் நிரூபிக்காது, ஏனெனில் தாழ்ந்து தாழ்ந்து வந்த பங்கு சற்று மீள்வது ஓபிவி இல்லாமலும் நடக்கக்கூடியது. விலை முந்தைய அடிமட்டத்தை உடைத்த நிகழ்வுகள் அனைத்தையும் எடுத்து, ஓபிவி உடைக்காதவை, ஓபிவியும் உடைத்தவை என இரண்டாகப் பிரித்து, இரு குழுக்களின் அடுத்த 10 அல்லது 20 நாள் வருவாயை ஒப்பிட்டால் கிடைக்கும் வேறுபாடே ஓபிவியின் பங்களிப்பு. அந்த வேறுபாடு தற்செயலா என்று அறிய, விலைத்தொடரைத் தொடாமல் வால்யூம் எண்களை மட்டும் நாட்களுக்கிடையே பலநூறு முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் ஓபிவியைப் புதிதாகக் கணக்கிட்டு, அதே வேறுபாட்டை அளக்க வேண்டும். உண்மையான வால்யூம் தரும் வேறுபாடு, கலைத்த வால்யூம் தரும் வேறுபாடுகளின் கூட்டத்துக்குள்ளேயே விழுந்தால், அங்கே வால்யூம் பேசவில்லை. வால்யூம் அதிகமான நாட்கள் அடுத்தடுத்து வரும் இயல்புடையவை என்பதால், தனித்தனி நாட்களாகக் கலைப்பதைவிட வாரக் கட்டுகளாகக் கலைப்பது நேர்மையானது.

வால்யூமில் எந்தச் செய்தியும் இல்லை என்பது இதன் பொருளன்று. கேம்பல், கிராஸ்மன், வாங் ஆகிய மூவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஒரு நாளின் விலை மாற்றம் மறுநாளும் தொடரும் போக்கு வால்யூம் கூடக் கூடக் குறைவதைக் கண்டனர். பெரிய வால்யூமோடு வந்த ஏற்றமே அதிக வலுவானது என்ற எண்ணத்தின் மேல்தான் ஓபிவி கட்டப்பட்டுள்ளது. அந்தக் குறுகிய கால அளவிலாவது, ஆய்வின் முடிவு அதற்கு நேரெதிராக நிற்கிறது.

நம்பிக்கை: வரைபடத்தில் அடிமட்டத்திலேயே சமிக்ஞை தெரிகிறது.

தெரிவது பின்னால் திரும்பிப் பார்க்கும் கண்ணுக்குத்தான். இருபுறமும் 5 நாட்களைவிடத் தாழ்ந்த முடிவு விலையே அடிமட்டம் என்று வரையறுத்தால், மேற்சொன்ன 195 ரூபாய் அடிமட்டம் என்பது 25ஆம் நாள் சந்தை முடிந்த பிறகே உறுதியாகும். வாங்குதல் 26ஆம் நாள் தொடக்க விலையில்தான் நிகழ முடியும். அதற்குள் விலை 203 ரூபாய்க்கு வந்திருந்து, பின்னர் 210 ரூபாயில் விற்கப்பட்டால், வரைபடம் காட்டும் லாபம் 7.7 சதவீதம், கைக்குக் கிடைப்பது 3.4 சதவீதம். பாண்டாஸ் நூலகத்தில் `rolling(11, center=True)` என்று எழுதி அடிமட்டங்களைத் தேடுபவர்கள், கிடைக்கும் சமிக்ஞையை `shift(5)` மூலம் தள்ளிவைக்க மறந்தால், எதிர்காலத்தைப் பார்த்து வாங்கும் நிரலைத்தான் சோதித்திருப்பார்கள். கண்கவரும் முடிவுகளைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டிய வரி இதுவே.

நம்பிக்கை: 50 பங்குகளில் சோதித்தால் மாதிரி போதுமான அளவு பெரியது.

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 50 ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்தது. அத்தகைய நாட்களை ஒட்டி பல பங்குகளில் ஒரே நேரத்தில் தோன்றும் சமிக்ஞைகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது ஒரே மீட்சியைப் பலமுறை எண்ணுவதாகும். மேலும் இன்றைய 50 பங்குகளின் பட்டியலைக் கொண்டு பின்னோக்கிச் சோதித்தால், அதே மார்ச்சில் குறியீட்டிலிருந்து நீக்கப்பட்ட யெஸ் பேங்க் போன்றவை கணக்கிலேயே வருவதில்லை. மீளாமல் சரிந்துகொண்டே சென்ற பங்குகளில் எழுந்த முரண்போக்குகள்தான் முறையின் உண்மையான விலையைக் காட்டக்கூடியவை. டெலிவரி வணிகத்தில் வாங்கும்போதும் விற்கும்போதும் தலா 0.1 சதவீதம் பங்கு பரிவர்த்தனை வரி உண்டு. அதனுடன் முத்திரைக் கட்டணமும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சேரும். இரு குழுக்களுக்கிடையிலான வேறுபாடு இந்தச் செலவைத் தாண்டாத இடத்தில், புள்ளியியல் ஆதரவு இருந்தாலும்கூட அதைக் கொண்டு பங்கை வாங்குவதில் பொருளில்லை.